பூதத்தின் மூன்றாவது நிறம்

காலையில் பல் தேய்த்துக்கொண்டே போனைத் தடவியதுதான் ஏலவார்குழலி செய்த தப்பு. கூடப் படித்த மாணிக்கவேல் ஒரு வீடியோ போட்டிருந்தான். சென்னையில் அவனும் அவன் கூட்டாளிகளும் செய்கிற புது கேமாம். பழைய டிவி கேம் பாணியில் கட்டம் கட்டமாக ஒரு கோட்டை, கோட்டைக்குள் ஒரு ஊதா நிறப் பூதம். அது இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தது.

அந்தக் காலை அவளுக்குத் தெரியும். அந்த இழுவையை வரைய அவள் கூட்டாளி சிவபாலன் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது தெரியும். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே வீடியோவை நிறுத்தி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அதே தொந்தி, அதே கோணல் கொம்பு. தொந்திக்கு நடுவில் மட்டும் மூன்று மஞ்சள் புள்ளியும் கீழே ஒரு கோடும் புதிதாக இருந்தன. திருடிய வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரி இதுவும் ஒரு வேஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கும் சிவபாலனுக்கும் பட்டுத் தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டு மாடியில் ஓர் அறை. மேஜை இரண்டு, பழைய டப்பா டிவி ஒன்று, அதில் செருகி கேம் ஆடுகிற அந்தக் காலத்து எட்டு பிட் கன்சோல் ஒன்று, இவ்வளவுதான் அவர்களுடைய கம்பெனி. பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். நிரல் எழுதுவது அவள், படம் வரைவது அவன். அந்தப் பழைய கன்சோலில் ஓடக்கூடிய புது கேம் ஒன்றை இரண்டு பேரும் சேர்ந்து செய்திருந்தார்கள். பெயர் 'பேய்க்கிணறு'. இந்தக் காலத்தில் இதையெல்லாம் எவன் வாங்குவான் என்று வீட்டில் கேட்காதவர்கள் இல்லை. வாங்குகிறவன் ஜெர்மனியில் இருந்தான். அங்கே ஒரு சின்ன கம்பெனி இதை நிஜமான கேசட்டாகவே போட்டுத் தர ஒப்புக்கொண்டிருந்தது. கடைசி ஃபைல் இன்றைக்கு மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். போய், கேசட்டுக்குள் இருக்கிற சில்லில், அதாவது சிப்பில், ஏறிவிட்டால் அவ்வளவுதான். பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

அப்படிப்பட்ட நாளில் பார்த்தா இந்த ஊதாப் பூதம் வர வேண்டும்?

சிவபாலன் வந்ததும் வராததுமாகப் போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இன்னாப்பா இது?"

அவன் பார்த்தான். முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது அவளுக்கே தெரிந்தது. வீடியோ முடியும் முன்பே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"நம்மளுது இல்லம்மா. பூதம்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். விடு."

"கால் இழுக்குதுபா."

"எத்தினியோ பேரு கால இழுத்துக்கினு நடக்கறான். இன்னிக்கி ஃபைல் அனுப்பணும். அத பாப்போம்."

சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தவன், லேப்டாப்பை அவள் பக்கம் முதுகு காட்டுகிற மாதிரித் திருப்பி வைத்துக்கொண்டான். இத்தனை நாளில் அவன் அப்படித் திருப்பி வைத்ததே இல்லை. தன் படத்தை எவனாவது தொட்டால் தெருவில் இறங்கிச் சண்டை போடுகிற ஆள் அவன். அந்த ஆள் 'விடு' என்கிறான். எதை விடுவது? ஏன் விடுவது?

குழலிக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை. டிவியில் தங்கள் கேமை ஓடவிட்டு, முதல் கட்டத்துப் பச்சைப் பூதத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கேமில் பூதம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். முதல் கட்டத்தில் அது பச்சை. மூன்றாவதில் சிவப்பு, நடை கொஞ்சம் வேகம். கிணற்றின் அடியில் சாம்பல் நிறம், நாலு அடி வாங்கினாலும் சாகாது. விளையாடுகிறவன் மூன்று வகைப் பூதம் என்று நினைத்துக்கொள்வான். ஆனால் சில்லுக்குள் இருப்பது ஒரே படம். சொல்லப்போனால் அந்தப் படத்தில் நிறமே கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண்தான் எழுதியிருக்கும். சுழி என்றால் அந்த இடத்தில் ஒன்றும் வரையாதே, பின்னால் இருப்பது தெரியட்டும் என்று பொருள். ஒன்று, இரண்டு, மூன்று என்பவை மூன்று நிறங்கள். எந்த நிறம் என்பதைப் படம் சொல்லாது, தனியாக ஒரு நிறவரிசை சொல்லும். அந்த வரிசையில் பச்சைக்குப் பதில் சிவப்பை வைத்தால் பூதம் சிவப்பாகிவிடும். தறியில் ஒரே ஜக்கார்டு டிசைன் அட்டையை வைத்துக்கொண்டு, குறுக்கே ஓடும் ஊடை நூலை மட்டும் மாற்றி மாற்றிப் பத்து நிறத்தில் புட்டாப் பூ போடுகிற ஊரில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து சில்லில் இடம் கையளவு. புதிதாகப் படம் போட இடமில்லாமல்தான் பழைய ஆட்கள் இந்த வேலையைச் செய்தார்கள். இவர்களும் செய்தார்கள்.

அதில்தான் இரண்டு பேருக்கும் ஒரு தகராறு வந்திருந்தது. இருப்பதே மூன்று நிறம். பூதத்தின் நிறவரிசையில் சிவபாலன் ஒன்றுக்குக் கறுப்பைப் போட்டான். இரண்டுக்குப் பச்சை. மூன்றுக்கும் அதே பச்சை. சிவப்புப் பூதத்திலும் அப்படி, சாம்பலிலும் அப்படி.

"மூணே மூணு கலர்தான் குடுக்கறான். அதுல ரெண்ட ஒண்ணா போட்டா எப்படிப்பா? மூணுக்கு மஞ்சள் போடு, எடுப்பா இருக்கும்," என்று அப்போதே கேட்டாள்.

"வேணாம்மா. இதான் அம்சமா இருக்குது."

மூன்று நிறத்துக்கு மேல் வக்கில்லாத மெஷினில் ஒரு நிறத்தை வீணடிக்கிறவனை அவள் அப்போதே உலுக்கிக் கேட்டிருக்க வேண்டும். ஓவியன் கிறுக்கு என்று விட்டுவிட்டாள்.

பதினோரு மணி வாக்கில் அவன் போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரம்மா லோகாம்பாள் துணி காயப்போடுகிற சாக்கில் மேலே வந்தாள். அவளுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு பூனை குட்டி போட முடியாது.

"உன் கூட்டாளி மாடிப்படிக்குக் கீழ நின்னுக்கினு குசுகுசுன்னு போன் பேசினு இருக்கறாரும்மா. நான் போனதும் பேச்ச நிறுத்திட்டாரு. பொண்ணு விஷயமா?"

"ஆபீஸ் விஷயங்க்கா."

"ஆபீஸ் விஷயத்த ஆபீஸ்ல பேசக்கூடாதா?" என்று சொல்லிவிட்டு ஒரு துண்டை மட்டும் கொடியில் போட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

குழலி செருப்பில்லாமல் படி வரை வந்து நின்றாள். ஒட்டுக்கேட்பது கேவலம் என்று தெரியும், கேவலமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நின்றாள். கீழ்வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"...மாணிக்கம், சொன்னா கேளு. அத மொதல்ல எடுத்துடு... அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்... குழலிக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சுதுன்னா வெச்சுக்கோ, அவ மூஞ்சில நான் முழிக்க முடியாது."

ஆக இருவரும் சேர்ந்தேதான் செய்திருக்கிறார்கள். இவன் கொடுத்திருக்கிறான், அவன் வாங்கியிருக்கிறான். அவசரப்பட்டு அவன் வெளியே காட்டிவிட்டான், இவன் பதறுகிறான். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனாலும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தாள். அவன் மேலே வந்து, "டிவிக்குப் போற ஒயரு லூசா இருக்குது, பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒண்ணு வாங்கியாறேன்," என்று வண்டிச் சாவியை எடுத்தபோதும் தலையை மட்டும் ஆட்டினாள். ஒயராம் ஒயர்.

வண்டிச் சத்தம் தெருக்கோடியைத் தாண்டியதும் பூதத்தின் ஃபைலைத் திறந்தாள். அவள் எப்போதும் அவன் போட்டு வைத்த நிறத்தோடுதான் அதைத் திறப்பாள். பச்சைப் பூதம் வந்து நின்றது. இப்போது மாணிக்கவேல் போட்டிருந்த நிறங்களைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒன்றுக்குக் கறுப்பு. இரண்டுக்கு ஊதா. மூன்றுக்கு மஞ்சள்.

தொந்திக்கு நடுவில் மூன்று புள்ளி. கீழே ஒரு கோடு.

வேஷம் இல்லை அது. முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. இரண்டாம் எண்ணும் மூன்றாம் எண்ணும் ஒரே பச்சையாக இருந்தவரை, பச்சைக்குள் பச்சையாகப் பதுங்கிக் கிடந்திருக்கிறது. திரையில் ஓடுவதைப் பார்த்து ஒருவன் காப்பி அடித்திருந்தால் அவனுக்கு வெறும் தொந்திதான் கிடைத்திருக்கும். இந்தப் புள்ளிகள் கிடைக்க வேண்டுமானால் எண்களே கைக்குப் போயிருக்க வேண்டும். எண்கள் இருப்பது இந்த அறையில். இந்த அறையில் இருப்பது இரண்டு பேர்.

கேமில் வரும் வௌவாலைத் திறந்து மூன்றாம் நிறத்தை மாற்றினாள். இறக்கையில் மூன்று புள்ளி, ஒரு கோடு. பாம்பைத் திறந்தாள். அதற்கும் இருந்தது. ஒன்று பாக்கியில்லை. தன் கேமுக்குள்ளேயே தனக்குத் தெரியாமல் எவனோ குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த மாதிரி அவளுக்கு உடம்பு கூசியது. இது என்ன, வாங்குகிறவனுக்கு அடையாளமா? இது என் சரக்குதான் என்று காட்ட முத்திரையா? எத்தனை நாளாக நடக்கிறது?

அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. கோபம்தான் ஜெயித்தது. கேம் தொடங்கும்போது வரும் முகப்புத் திரையில், 'பேய்க்கிணறு' என்ற பெயருக்குக் கீழே இரண்டு வரி இருக்கும். நிரல்: ஏலவார்குழலி. படம்: சிவபாலன். அந்த இரண்டாவது வரியை அவள் சுழியால் நிரப்பினாள். கேமை மறுபடி ஒரே ஃபைலாகக் கட்டி, கன்சோலில் போட்டு, டிவியில் ஓடவிட்டாள். தன் பெயருக்குக் கீழே வெறும் கறுப்பு. அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் மெயிலைத் திறந்து, ஜெர்மனிக்காரனுக்கு நாலு வரி எழுதி, ஃபைலை ஒட்டி வைத்தாள். அனுப்பும் பொத்தான் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சில்லில் ஏறிவிட்டால் அவன் இந்த கேமில் கிடையாது. எவன் எத்தனை வருஷம் கழித்துப் போட்டாலும் கிடையாது. அந்த எண்ணம் அவளுக்கு இனிக்கவும் செய்தது.

அனுப்பும் முன் ஒரு வார்த்தை அவன் மூஞ்சிக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியதால்தான் நிறுத்தினாள். வேறு நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை.

டிவியில் முகப்பு மறைந்து, யாரும் விளையாடாதபோது தானாக ஓடும் மாதிரி ஆட்டம் வந்தது. சிவபாலன் நிஜமாகவே ஒரு ஒயரோடு உள்ளே வந்தான்.

"மூணு புள்ளி, ஒரு கோடு. இன்னாப்பா அது?" என்றாள்.

அவன் ஒயரை மேஜை மேல் வைத்தான். மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பாத்துட்டியா."

"மாணிக்கத்துக்கு எப்போ குடுத்த?"

"நான் எங்க குடுத்தேன்? நீதான் குடுத்த."

"என்ன பாத்தா எப்படித் தெரியுது உனக்கு?"

"கோச்சுக்காத, கேளு. மெட்ராஸ்ல கேம் மீட்டிங்குக்குப் போனோமே. ஸ்டால மூட்ட கட்டற நேரத்துல மாணிக்கம் வந்து, கூட படிச்சவன், வீட்ல ஆடிப் பாக்கறேன்னு கேட்டான். நீ பென் டிரைவ்ல போட்டுக் குடுத்த. நான் பக்கத்துல நின்னுக்கினு பாத்துக்கினுதான் இருந்தேன்."

"அது கேம்பா. ஆடறதுக்குக் குடுத்தது. படம் எங்க குடுத்தேன்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். இந்த மெஷினுக்கு கேம் வேறு, படம் வேறு இல்லை. ஓடுகிற ஃபைலுக்குள்ளேயே எண்கள் அத்தனையும் அப்படியே திறந்து கிடக்கும். அதைப் பார்க்க ஒரு சின்ன மென்பொருள் போதும். அவளே பழைய கேம்களைத் திறந்து திறந்துதான் தொழிலைக் கற்றாள். மாணிக்கவேல் படத்தை உருவி, தனக்குப் பிடித்த மூன்று நிறத்தைப் போட்டுக்கொண்டான். பச்சையில் ஒளிந்திருந்த புள்ளிகள் அவன் மஞ்சளில் பல்லைக் காட்டிவிட்டன. பொட்டு வைத்த தொந்தி என்று நினைத்து அப்படியே ஊருக்குக் காட்டிவிட்டான், மக்கு.

அவளுக்குக் காது சுட்டது. இருந்தாலும் விடவில்லை.

"அப்போ அவன்கிட்ட எனக்குத் தெரியக்கூடாதுன்னு ஏன் சொன்ன? நான் கேட்டேன்."

சிவபாலன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீடியோவ எடுத்துடச் சொன்னேன். சாயந்திரத்துக்குள்ள எடுத்துடறேன்னு சொல்லிட்டான். அந்த மூணு புள்ளி மார்க்க வெச்சுத்தான் மடக்கனேன், வேற வழி இல்ல அவனுக்கு. உனக்குத் தெரியக்கூடாதுன்னது அவன் திருடனத இல்லம்மா. மார்க்க."

"ஏன்?"

"ஏன் போட்டேன்னு நீ கேப்ப. அதான்."

"கேக்கறேன்."

அவன் மெதுவாகச் சொன்னான். இங்கே வருவதற்கு முன் அவன் ஒரு பட்டுக் கடைக்குப் புடவை டிசைன் போட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பான், அது அட்டையாகித் தறிக்குப் போகும். வேலையை விட்டுவிட்டான் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். விடவில்லை, அனுப்பிவிட்டார்கள். அனுப்பிவிட்டு, அவன் போட்ட அன்னத்தையும் கொடியையும் நிறம் மாற்றி நெய்து, முதலாளியின் மருமகன் போட்டது என்று ஊரெல்லாம் விற்றார்கள். நான் போட்டது என்று போய் நின்றான். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள்.

"அப்போ மார்க் போடல. அதுக்கப்புறம் எதுல கை வெச்சாலும் போட்டுருவேன். ரெண்டு நெறத்த ஒண்ணாக் குடுத்தா யாருக்கும் தெரியாது. நெறத்த மாத்தித் திருடனான்னா தானா வெளில வந்துரும்."

"என் கேம்லயுமா? நான் என்னாப்பா பண்ணேன் உனக்கு?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. எவ்ளோ நல்லவங்களா இருந்தாலும் ஒரு நாளு கோவம் வந்து பேர எடுத்துட்டா நான் இன்னா பண்றது? அப்படி ஒரு நெனப்பு. அசிங்கமாத்தான் இருந்துச்சு. அதான் உன்கிட்ட சொல்ல வாய் வரல."

குழலி வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கு டிவி ஞாபகம் வந்தது. மாதிரி ஆட்டத்தில் பச்சைப் பூதம் கிணற்றடி வரை நடந்து, அடி வாங்கி, மறைந்துகொண்டிருந்தது. அது முடிந்தால் அடுத்து வருவது முகப்பு. அந்த வரிசையை எழுதியவள் அவளேதான். எழுந்து சுவிட்சுக்குக் கை நீட்டினாள். நடுவில் அவன் நாற்காலி இருந்தது.

முகப்பு வந்தது. பேய்க்கிணறு. நிரல்: ஏலவார்குழலி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

சிவபாலன் அதைப் பார்த்தான். கீழ்வீட்டுத் தறி நின்றிருந்தது, சாப்பாட்டு நேரம்.

"எடுத்துட்டியா," என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"காலைல... இல்ல, இப்போதான்."

"அனுப்பிட்டியா?"

"இல்லப்பா. சத்தியமா இல்ல."

"இதுக்குத்தாம்மா மார்க் போட்டு வெச்சேன்," என்றான்.

மன்னிப்புக் கேட்டால் அது இவ்வளவுக்கும் எந்த மூலைக்கு என்று அவளுக்குத் தோன்றியது. மேஜையில் உட்கார்ந்து, சுழிகளை அழித்து, அவன் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள். கை தப்பியது, மறுபடி வைத்தாள். ஃபைலைக் கட்டி டிவியில் போட்டுக் காட்டினாள். படம்: சிவபாலன். அவன் பக்கத்தில் வந்து நின்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் மாதிரி அதைப் பார்த்தான். அவள் மெயிலில் இருந்த பழைய ஃபைலை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை ஒட்டினாள்.

"மூணாவது நெறத்த இப்போ மாத்திடலாமா? மஞ்சள் போட்டுடறேன்," என்றாள். "மார்க்கு எல்லாருக்கும் தெரியட்டும். இல்ல, அழிச்சிடணும்னாலும் சரி. பேருதான் வந்துடுச்சே. இனிமே எதுக்கு அது?"

சிவபாலன் கொண்டுவந்த ஒயரை எடுத்து, டிவியின் பின்பக்கம் குனிந்து, பழையதைக் கழற்றினான். திரை ஒரு கணம் இருட்டானது. புது ஒயரைச் செருகி, ஆட்டி, சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்தான். முகப்பு தெளிவாகத் திரும்பி வந்தது.

"பச்சையே இருக்கட்டும்," என்றான். "பேரும் இருக்கட்டும். அதுவும் உள்ள இருக்கட்டும்."

குழலி அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.